அப்பாவின் குதிகால் புள்ளி: ஒரு படத்தில் பழுப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் கறுப்பு

“டாக்டர், அப்பாவுக்கு 67 வயது. முன்பு பால்மரம் சீவியவர், இப்போதும் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குப் புல் வெட்டப் போகிறார். இடது குதிகாலின் அடியில் ஒரு கரும்புள்ளி. தீபாவளி சமயம் நான் எடுத்த படத்தில் பழுப்பாக இருந்தது, மூன்று மாதம் கழித்து எடுத்ததில் நீலமும் சாம்பலும் கலந்த மாதிரி, போன வாரம் எடுத்ததில் கன்னங்கரேல் என்று பெரிதாக இருக்கிறது. மூன்றையும் அனுப்பியிருக்கிறேன். வளர்ந்துவிட்டதா? கைப்பேசியில் எப்படி எடுத்தால் உள்ளபடி தெரியும்? ஈப்போவுக்குப் போகலாம் என்றால் ‘படத்தை அனுப்பு, அது போதும்’ என்கிறார்.”
– வாசகி, சுங்கை சிப்புட்

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், கேமராவுக்கு அப்புறம் வரலாம். இந்த மூன்று படங்களை வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது, வளரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் படம் எப்படி இருந்தாலும் இது நேரில் பார்க்க வேண்டிய புள்ளி. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம் நிறத் தோலுக்கு அபூர்வம்தான், இருந்தாலும் நமக்கு வரும்போது வெயில் படாத இடமாகப் பார்த்து, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்றுதான் பெரும்பாலும் வருகிறது. அதே குதிகாலில் பூட்ஸ் உரசி, தோலின் மேலடுக்கில் இரத்தம் கட்டி, அச்சு அசலாக இப்படியே ஒரு கறுப்பு வருவதும் உண்டு, அதில் ஆபத்து எதுவும் இல்லை, சில வாரங்களில் தோலோடு உதிர்ந்து போய்விடும். இரண்டையும் கைப்பேசிப் படத்தில் நம்பிப் பிரிக்க முடியாது. அப்பாவை எடுத்த எடுப்பிலேயே ஈப்போவுக்கு இழுக்க வேண்டாம். உங்கள் டவுன் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள், தேவை என்றால் அவர்களே ரெஃபரல் கடிதம் தருவார்கள். கூடவே நல்ல படமும் வந்தால் எங்களுக்கு ஒரு பெரிய உதவி, யாரை உடனே கூப்பிடுவது, யார் கொஞ்சம் காத்திருக்கலாம் என்று வரிசைப்படுத்த அது பயன்படும். கெட்ட படம் வந்தால் அந்த வரிசையே தப்பாகிவிடும்.

சரி, உங்கள் படங்களுக்கு வருவோம்.

நீல நிறமாகத் தெரிந்த இரண்டாவது படம்தான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும், ஏனென்றால் புள்ளியில் நீலச் சாம்பல் தெரிந்தால் நாங்களும் காது கொடுத்துத்தான் கேட்போம். ஆனால் புள்ளியை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள நல்ல தோலைப் பாருங்கள், குதிகாலின் ஓரமும் நீலமாகத்தான் இருக்கிறது, அப்பா கட்டியிருக்கும் வேட்டியின் நுனி வெள்ளையாக இருக்க வேண்டியது, அதுவும் நீலம் பூசிய மாதிரி இருக்கிறது. வாசலில் நீலக் கேன்வாஸ் கட்டி அதற்கடியில் எடுத்திருக்கிறீர்கள் என்று படத்தின் மூலையே காட்டிக்கொடுக்கிறது. அதன் வழியாக இறங்கிய வெளிச்சம்தான் அந்த நீலம். பச்சை பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே எடுத்தால் எல்லாம் பச்சையாகச் சாயும், அப்போது சிவந்த தோல் சேறு நிறத்தில் தெரியும். கைப்பேசி இதைத் தானாகச் சரிசெய்யப் பார்க்கும், எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என ஊகித்து மற்ற நிறங்களை அதற்கேற்ப நகர்த்தும். ஆனால் சட்டகம் முழுக்கத் தோலாக இருந்தால் ஊகிக்க அதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை. ஆகவே புள்ளியின் நிறம் சந்தேகமாக இருந்தால் முதலில் பக்கத்துத் தோலையும், படத்தில் இருக்கும் வெள்ளைப் பொருளையும் பாருங்கள். அவையும் சேர்ந்து நிறம் மாறியிருந்தால் அது வெளிச்சத்தின் வேலை. அவை சரியாக இருந்து புள்ளி மட்டும் நீலமாக இருந்தால் அது வேறு விஷயம்.

தீபாவளிப் படம் இதற்கு நேர் எதிர்த் தவறு. இரவு, ஹாலில் மஞ்சள் பல்பு. மஞ்சள் வெளிச்சத்தில் நீலப் பங்கு குறைவு, அதனால் புள்ளிக்குள் நீலச் சாம்பல் இருந்திருந்தாலும் அங்கே பழுப்பாகத்தான் தெரிந்திருக்கும். “முன்பு பழுப்பாக இருந்தது” என்று நீங்கள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான். இன்னொன்றும் இருக்கிறது: வெளிச்சம் போதாதபோது கைப்பேசி ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும், அந்த நேரத்தில் உங்கள் கை ஒரு நூல் அசைந்தாலும் ஓரம் கரைந்துவிடும், போதாக்குறைக்குப் படத்தில் விழுந்த புள்ளி புள்ளியான இரைச்சலை மென்பொருள் வழித்து எடுக்கும். கடைசியில் கரடுமுரடான ஓரம் வழவழவென்று ஆகிவிடும். ஓரம் ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்பதுதான் நாங்கள் முதலில் தேடுவது, அதையே இந்தப் படம் அழித்துவிட்டது.

போன வாரப் படத்தில் கோளாறு வேறு. காலுக்கு அடியில் வெள்ளைத் துண்டு விரித்து, ஏழெட்டு சென்டிமீட்டருக்குக் கைப்பேசியை நெருக்கிக் கொண்டுபோயிருக்கிறீர்கள். ஓரங்களில் துண்டு பளிச்சென்று, நடுவில் கைப்பேசியின் சொந்த நிழல். கேமரா தான் பார்ப்பதெல்லாம் சராசரியாக நடுத்தர வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அளவு வைக்கிறது, வெள்ளை அதிகமாக இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். பழுப்பு கறுப்பாகிவிட்டது, அதோடு கறுப்புக்குள் இருந்திருக்கக்கூடிய வெளிர் பகுதி, கரும்பகுதி என்ற பேதமும் போய்விட்டது. கறுப்புப் பாயில் வைத்து எடுத்திருந்தால் இதற்கு எதிராகத் தோல் வெளிறிப்போய், புள்ளி இளைத்துத் தெரிந்திருக்கும்.

அப்புறம் ‘பெரிதாக’ என்பது. இந்தப் படத்தில் புள்ளிதான் பெரிதாகத் தெரிகிறது, அளவு சொல்ல வேறு எதுவும் இல்லை. நெருங்கினால் எதுவும் பெரிதாகத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடக் கொஞ்சம் நுட்பமானது ஒன்று உண்டு. குதிகால் உருண்டையானது, நடுப்பகுதி லென்ஸுக்கு அருகிலும் ஓரம் ஒரு சென்டிமீட்டர் தள்ளியும் இருக்கிறது என்று வையுங்கள். 8 செ.மீ. தூரத்தில் எடுத்தால் நடுவுக்கு 8, ஓரத்துக்கு 9, ஆக நடுவில் இருக்கும் புள்ளி ஓரத்தோடு ஒப்பிட எட்டில் ஒரு பங்கு கூடுதலாக உப்பித் தெரியும். 30 செ.மீ.க்குப் பின்னால் போனால் 30க்கு 31, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. செல்ஃபியில் மூக்கு பெரிதாக விழுவதும் இதே கணக்குத்தான். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, தூரம்தான் காரணம்.

சாய்வும் அளவைக் கெடுக்கும். உங்கள் இரண்டாவது படம் ஏறக்குறைய பாதிச் செங்கோணம் சாய்ந்திருக்கிறது, அப்படி எடுத்தால் 10 மி.மீ. வட்டம் ஒரு பக்கம் 7 மி.மீ. ஆகச் சுருங்கி முட்டை வடிவில் விழும். “வட்டமாக இருந்தது நீண்டுவிட்டது, டாக்டர்” என்று வருகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

இருந்தாலும் பழைய படங்களிலிருந்து கொஞ்சம் மீட்க முடியும். தீபாவளிப் படத்தில் குதிகாலின் முழு அகலமும் தெரிகிறது, அது ஓரளவு நேராகவும் எடுக்கப்பட்டிருக்கிறது. என் திரையில் அளந்தால் குதிகால் 14 செ.மீ., புள்ளி 2 செ.மீ., அதாவது ஏழில் ஒரு பங்கு. நீங்கள் இன்று அப்பாவின் குதிகாலை அதே இடத்தில் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள், 6 செ.மீ. வந்தால் அன்று புள்ளி கிட்டத்தட்ட 8 அல்லது 9 மி.மீ. இருந்திருக்கிறது. ஓரம் மங்கலானதால் ஒரு மி.மீ. இப்படியோ அப்படியோ போகலாம். இந்தக் கணக்கை வைத்து வளர்ச்சியை நிரூபிக்க முடியாது, ஆனால் உள்ளங்காலில் 7 மி.மீ.யைத் தாண்டிய கரும்புள்ளியை ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் நீண்ட காலமாகத் தனியாகக் கவனிக்கிறார்கள், நாங்களும் அதைத்தான் பின்பற்றுகிறோம். மேலே கறாராகச் சொன்னது அதனால்தான்.

இனிப் புதிதாக எடுப்பது எப்படி என்று பார்க்கலாம். காலையில் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுங்கள், நம் ஊரில் மூன்று மணிக்கு மேல் மழை மேகம் கட்டினால் வெளிச்சத்தை நம்பவே முடியாது. அப்பா காலை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஒரு பத்து நிமிடம் காயட்டும், ஊறிய தோல் வெளுத்துக் காட்டும். தைலம், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம், எண்ணெய் இருந்தால் பளபளப்பு மட்டும்தான் படத்தில் விழும், மஞ்சள் பூசினால் நிறமே பேச்சுக்கு இல்லை. ஜன்னலுக்கு ஓரமாக, ஆனால் வெயில் நேராக விழாத இடத்தில், அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து கணுக்காலுக்குக் கீழே தலையணை கொடுங்கள், உள்ளங்கால் ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை, ஒரு பக்கம் பகல் வெளிச்சமும் மறுபக்கம் மஞ்சள் பல்பும் விழுந்தால் எந்த கேமராவாலும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. காலுக்குப் பின்னால் பழைய சாயம்போன கைலி, சாம்பலோ மங்கிய நீலமோ, பூப்போடாததாக இருந்தால் போதும். வெள்ளைத் துண்டு வேண்டாம், சிவப்புச் சேலையும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்து 30 செ.மீ. அளவுகோல் ஒன்று வீட்டில் இருக்கும், அதற்கு இங்கே இரண்டு வேலை. முதலில் கைப்பேசிக்கும் குதிகாலுக்கும் நடுவே அதை நிறுத்திப் பார்த்துத் தூரத்தை முடிவு செய்யுங்கள், அளவுகோலின் நீளம்தான் தூரம். பிறகு அதையே புள்ளிக்கு ஒட்டினாற்போல், தோலோடு தோலாக, மி.மீ. கோடுகள் தெரிய வையுங்கள். தோலுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அளவுகோல் லென்ஸுக்கு அருகில் போய்விடும், புள்ளி உள்ளதைவிடச் சிறியதாகக் கணக்கு வரும். நாணயம் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் நம் 10 சென் நாணயத்தில் பழையது ஓர் அளவு, 2012இல் வந்தது வேறு அளவு, எதை வைத்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. நாணயம் வெளிச்சத்தை வாரியடித்துக் கண்ணைக் கூசவும் வைக்கும்.

ஏன் 30 செ.மீ., நெருங்கினால் விவரம் கூடுமே என்று தோன்றும். கூடாது. கைப்பேசியின் பிரதான லென்ஸுக்கு ஒரு குறைந்தபட்சத் தூரம் உண்டு, அதற்குள் போனால் ஃபோகஸ் பிடிக்கவே பிடிக்காது. பழைய போன்களில் அது சுமார் 10 செ.மீ., பெரிய சென்சார் வைத்த புதிய போன்கள் சிலவற்றில் 20 செ.மீ.யைத் தாண்டும். அதாவது விலை உயர்ந்த போனில்தான் இன்னும் பின்னால் நிற்க வேண்டும். அந்த எல்லைக்குள் போனதும் சில போன்கள் சத்தமில்லாமல் அகலக்கோண லென்ஸுக்கு மாறி, மேக்ரோ என்று ஒரு படம் எடுத்துக் கொடுக்கும், அதற்கு நீங்கள் இன்னும் நெருங்க வேண்டியிருக்கும், மறுபடியும் நிழல், மறுபடியும் உப்பல். திரையில் மேக்ரோ பூ அடையாளம் தெரிந்தால் அதை அணைத்துவிடுங்கள். 30 செ.மீ.யில் நின்று 2x வைத்து எடுங்கள், அதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். மீதியை எங்கள் திரையில் நாங்களே பெரிதாக்கிக்கொள்வோம்.

கைப்பேசி குதிகாலின் தோலுக்கு இணையாக இருக்க வேண்டும், சாயக்கூடாது. திரையில் புள்ளியின் மேல் விரலை ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால் ஐபோனில் `AE/AF LOCK` என்று வரும், மற்ற போன்களில் பூட்டு அடையாளம் வரும், ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே நின்றுவிடும். பிறகு பக்கத்தில் தெரியும் சூரிய அடையாளத்தைக் கொஞ்சம் மேலோ கீழோ நகர்த்தி, திரையில் தெரியும் நல்ல தோல் அப்பாவின் காலைக் கண்ணால் பார்ப்பதுபோல் ஆகும்வரை சரிசெய்யுங்கள். கவனியுங்கள், ஒப்பிட வேண்டியது நல்ல தோலைத்தான், புள்ளியை அல்ல. புள்ளியை ‘நன்றாகத் தெரியவைக்க’ வெளிச்சத்தைக் கூட்டினால் பழையபடி அதே கதைதான். முழங்கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, இரண்டு விநாடி டைமர் வைத்து, நாலைந்து எடுங்கள்.

ஃபோகஸ் சரியா என்று கண்டுபிடிக்க உள்ளங்காலில் ஒரு சௌகரியம் இருக்கிறது, விரல் நுனியில் இருப்பதுபோல அங்கேயும் ரேகை உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் புள்ளிக்குப் பக்கத்துத் தோலைப் பாருங்கள். ரேகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால் படம் தேறிவிட்டது. தெரியவில்லை என்றால், அல்லது அளவுகோலின் கோடுகள் மட்டும் கூர்மையாக இருந்து ரேகை மங்கலாக இருந்தால் (இது அடிக்கடி நடக்கும், கேமராவுக்கு அச்சடித்த கோடு என்றால் ஆசை), அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். அந்த ரேகை வெறும் ஃபோகஸ் சோதனைக்கு மட்டும் இல்லை. கிளினிக்கில் டெர்மோஸ்கோப் என்ற, விளக்கு பொருத்திய பத்து மடங்கு லென்ஸை வைத்து நாங்கள் பார்ப்பதும் அதைத்தான்: கறுப்பு நிறமி ரேகையின் பள்ளத்தில் ஓடுகிறதா, மேட்டில் ஓடுகிறதா. பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டில் ஓடினால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவோம். கைப்பேசிப் படத்தை வைத்து இதை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள், நானும் செய்ய மாட்டேன்.

ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் விளக்கு நேராக அடித்துத் திரும்புவதால் புள்ளியின் நடுவில் வெள்ளைத் திட்டு விழும், மேடு பள்ளமெல்லாம் தட்டையாகிவிடும். ஆனால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுத்தால் கதையே வேறு. நிறத்துக்கான படங்களை எடுத்து முடித்த பிறகு, ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைக் காலுக்குப் பக்கத்தில், தோலை உரசுகிற மாதிரி தாழ்வாகப் பிடிக்கச் சொல்லி ஒன்று எடுங்கள். புள்ளி தடித்திருந்தால் அதன் மறுபக்கம் நிழல் விழும், செதில் இருந்தால் தனியாக நிற்கும். இந்தப் படத்தை நிறத்துக்குப் பார்க்கக்கூடாது, தடிப்புக்கு மட்டும்தான். கிளினிக்கிற்குக் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் முழு உள்ளங்காலும் விரல்களும் தெரிய அரை மீட்டர் தள்ளி ஒரு படம் எடுங்கள். நெருக்கப் படம் மட்டும் வந்தால் இது குதிகாலா, முட்டியா, இடதா வலதா என்று எங்களுக்குத் தெரியாது, சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

படத்தை அழகாக்கும் ஃபில்டர் எதுவும் போட வேண்டாம், முன் கேமராவில் எடுக்கவே வேண்டாம், அதில் தோலை மெழுகும் வேலை பெரும்பாலும் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு முதலில் போவது அந்த ரேகைதான். `Document` என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தபடியே வரும். அப்படி அனுப்பும்போது எடுத்த இடமும் படத்துக்குள் சேர்ந்து வரலாம், கேமராவில் இடப்பதிவை அணைத்துவிட்டு எடுங்கள், குடும்பக் குழுவில் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கிளினிக்கில் ‘ஒரு மாதம் பார்ப்போம்’ என்று சொன்னால், அடுத்த மாதமும் அதே ஜன்னல், அதே கைலி, அதே நேரம், அதே தூரம், அளவுகோலும் அதே பக்கம். அப்போதுதான் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அர்த்தம் இருக்கும். இரத்தக் கட்டாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, தேய்ந்து போவது தெரியும். ஆனால் புண் ஆனாலோ, இரத்தம் கசிந்தாலோ, புள்ளியிலிருந்து நிறம் நல்ல தோலுக்குள் ஊறிப் பரவினாலோ மாதக் கணக்கு பார்க்காதீர்கள், படமும் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், அதே வாரம் போங்கள். ஊசி போட்டுக் குத்திப் பார்ப்பது, பிளேடால் சீவிப் பார்ப்பது எதையும் அப்பாவைச் செய்யவிடாதீர்கள், தோட்டத்தில் காலில் ஆணி என்றால் சீவிவிடும் பழக்கம் உண்டு, அப்படிச் சீவி வந்த காலில் ஓரமும் இல்லை, நிறமும் இல்லை, எங்களுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

கிளினிக்கிற்குப் போகும்போது அந்தப் பழைய மூன்று படங்களையும் அழிக்காமல் கொண்டுபோங்கள், நிறத்துக்கு உதவாவிட்டாலும் தேதிக்கு உதவும். அப்பாவின் தோட்டத்து பூட்ஸையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், இடது பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தால் குதிகாலில் எந்த இடம் உரசுகிறது என்று தெரியும், அது புள்ளி இருக்கும் இடமா இல்லையா என்பதைப் படத்தைவிட அது நன்றாகச் சொல்லும்.